"பணம் வரவில்லை" என்று மட்டும் எழுதினால்...

(குறுவள மையக் கூட்டத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவியின் அம்மா, கூலி வேலையை விட்டுவிட்டு நான்கு முறை வங்கிக்குப் போய் வந்தார். மகளுக்கு என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை வர வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்பது உங்களுக்குத் தெரியும். கூடத் தேர்ச்சி பெற்ற இருவருக்கு வந்துவிட்டது, இவளுக்கு வரவில்லை. வங்கியில் "பள்ளியில் கேளுங்கள்" என்றார்கள்.

நான் உடனே மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். "இம்மாணவிக்கு உதவித்தொகை வரவில்லை, ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்று இரண்டே வரி. இரண்டு மாதம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தேட முடியாது. ஒரே பெயரில் எத்தனை பிள்ளைகள்!

பிறகு நேரில் போனேன். இருக்கை எழுத்தர் கேட்ட முதல் கேள்வி, "விண்ணப்ப எண் என்ன சார்?" நான் கொடுத்தது மாணவியின் ஒருமுறைப் பதிவு எண். அது 14 இலக்கம். மாணவருக்கு உரியது, ஆண்டுதோறும் மாறாது. விண்ணப்ப எண் வேறு. தேசிய உதவித்தொகைத் தளத்தில் `Application ID` என்று இருப்பதுதான் அது. புதுப்பித்தல் விண்ணப்பம் என்றால் நடப்பு ஆண்டுக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். பழைய எண்ணைக் கொடுத்தால் போன ஆண்டுப் பணம் வந்த விவரத்தைக் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

சரியான எண்ணைக் கொடுத்ததும் ஒப்பளிப்பு நாள் கிடைத்தது. இந்த நாளை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை இதுதான் சொல்கிறது. ஒப்பளிப்பே ஆகவில்லை என்றால் விண்ணப்பம் பள்ளியிலோ மாவட்டத்திலோ சரிபார்ப்பில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்போது வங்கிக்கு அலைவது வீண். ஒப்பளிப்பு ஆகிவிட்டது என்றால், பணம் அனுப்பப்பட்டதா, எங்கே போனது என்பதுதான் கேள்வி. வங்கிக் கணக்கையும் அந்த நாளிலிருந்து பார்த்தால் போதும். மாணவியின் பாஸ்புக்கை அந்தத் தேதியிலிருந்து பதிவு போட்டு வாங்கினோம். வரவு இல்லை. பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் `Track NSP Payments` பகுதியில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்துப் பார்த்தால், பணம் செலுத்தப்பட்டுவிட்டது என்று காட்டியது.

அப்படியானால் எங்கே போனது? ஆதார் வழியாகச் செலுத்தும் பணம், நாம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. என்.பி.சி.ஐ. பதிவில் அந்த ஆதாருக்கு நேராகக் கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கே போகும். ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். "ஆதார் கொடுத்தாச்சு" என்று பெற்றோர் சொல்வது பெரும்பாலும் அடையாளச் சான்றாக நகல் கொடுத்ததைத்தான். இந்த இணைப்பு அதோடு தானாக நடந்துவிடாது. `myAadhaar` தளத்தில் `Bank Seeding Status` பார்த்தோம். வேறொரு வங்கியின் பெயர் வந்தது. கோடை விடுமுறையில் பாட்டி ஊரில் நடந்த ஒரு முகாமில் மாணவிக்குக் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள். அம்மாவுக்கே அது நினைவில் இல்லை.

அந்த வங்கிக்கு எழுதிய கடிதத்தை மட்டும் இங்கே படிக்கிறேன்: "எம் பள்ளி மாணவியின் நடப்பு ஆண்டு என்.எம்.எம்.எஸ். விண்ணப்ப எண் இது. தொகை ரூ.12,000. ஒப்பளிப்பு நாள் இது. பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் செலுத்தப்பட்டதாக உள்ளது, அச்சுப்படி இணைப்பு. ஆதார் தங்கள் வங்கியில் இணைக்கப்பட்டுள்ளது. மேற்படி நாளுக்குப் பின் வரவு உள்ளதா, கணக்கு இயக்கத்தில் உள்ளதா எனத் தெரிவிக்க வேண்டுகிறோம்." ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் எழுதினேன். முழு எண்ணையும் பாஸ்புக் படத்தையும் வாட்ஸ்ஆப் குழுவில் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

அம்மாவும் மகளும் கடிதத்தோடு போனார்கள். கணினியில் பார்த்த சில நிமிடங்களில் பணம் இருப்பது தெரிந்துவிட்டது. கணக்கு முடங்கிப்போய்ப் பணம் திரும்பியிருந்தால் கதை வேறு. அப்போது கணக்கைச் சரிசெய்துவிட்டு, தொகையை மறுபடி செலுத்தும்படி மாவட்ட அலுவலகம் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

ஊரிலுள்ள பழைய வங்கியிலேயே ஒப்புதல் படிவம் கொடுத்து ஆதாரை அங்கே மாற்றி இணைத்தோம். ஒரு வாரம் கழித்து தளத்தில் பார்த்தபோது வங்கியின் பெயர் மாறியிருந்தது. இப்போது புதுப்பித்தல் விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன்.