குறுங்கட்டத்துள் நெடுஞ்சொல்



ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகளின் அறிவிப்புகள் இன்று பெரும்பாலும் புலனம் வழியே பெற்றோரை அடைகின்றன. கைப்பேசியின் குறுகிய செய்திக்கட்டத்துள் அவை எவ்வாறு மடிகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் முதியவர் ஒருவரின் திரையில் வரிக்குப் பன்னிரண்டு எழுத்துகளே கொள்ளும் எனக் கொள்வோம்.

கூட்டம்
ஒத்திவைக்கப்பட்டிருப்
பதால் பெற்றோர்
வரவேண்டாமெனக்
கேட்டுக்கொள்ளப்படுகிறா
ர்கள்.

செயலி இடைவெளி கண்ட இடத்தில் வரியை மடிக்கிறது. வரியின் எஞ்சிய இடத்தில் அடங்காத சொல் அடுத்த வரிக்குச் செல்வதால் முதல் வரியின் எஞ்சிய பகுதி வெறுமையாகிறது. ஒரு முழு வரியிலும் அடங்காத சொல்லை மட்டுமே அது எழுத்தெல்லையில் வெட்டுகிறது.

சொல்லை வரியிறுதியில் பிரிப்பது நமக்குப் புதிதன்று. சுவடிகளில் சொல்லிடைவெளியே இல்லை. அச்சிலும் இணைப்புக்கோடின்றிச் சொற்களைப் பிரித்தோம். ஆயினும் நல்ல அச்சுக்கோப்பாளர் புள்ளியெழுத்தை வரியின் முதலில் நிறுத்தார். அந்தக் கவனம் செயலிக்கு இல்லை. ஆகவேதான் ‘ர்கள்’ தனித்து நிற்கிறது.

வாக்கியத்தைச் சுருக்குங்கள் என்பது பொதுவாகக் கூறப்படும் தீர்வு. அது பாதி உண்மையே. மேற்கண்டதை இரண்டாக்கி, ‘கூட்டம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது’ என்று நிறுத்தினாலும், அவ்வினைமுற்றில் முன்போலவே பதினைந்து எழுத்துகள் உள்ளன. சிக்கல் வாக்கிய நீளத்தில் மட்டும் இல்லை. ஒரே வினையின்மேல் ‘படு’, ‘இரு’ முதலிய துணைவினைகளும் விகுதிகளும் அடுக்கப்படுவதில் உள்ளது. மலாய்ச் சுற்றறிக்கையின் ‘டிமிந்தா’ என்னும் சிறுசொல், ‘டி’ என்னும் முன்னொட்டாலேயே செயப்பாட்டுப் பொருளைத் தந்துவிடுகிறது. அதனை அவ்வாறே தமிழாக்கினால் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என நீள்கிறது.

எனவே வாக்கியத்தைப் பிரிக்கும்போதே செயப்பாட்டைச் செய்வினையாக மாற்றவேண்டும்.

கூட்டத்தை
ஒத்திவைத்துள்ளோம்.
பெற்றோர் வரவேண்டாம்.

ஆறு வரி மூன்றாயிற்று, எச்சொல்லும் உடையவில்லை. பணிவு குறைந்ததாகத் தோன்றினால், ‘வரவேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம்’ எனலாம். இரண்டு வரிகளே கூடும். இம்மாற்றத்தால் வேறொன்றும் நேர்கிறது. ஒத்திவைத்தவர் யார் என்பதைச் செயப்பாட்டு வாக்கியம் மறைத்திருந்தது. செய்வினை ‘நாங்கள்’ என்று பொறுப்பேற்கிறது. அறிவிப்பு எழுதுவோர் சிலர் தயங்குவது இவ்விடத்தில்தான்.

சொல்லுக்குள் இடைவெளியிட்டுப் பிரிப்பது மாற்றுவழி ஆகாது. ‘தந்துவிட்டேன்’ என்பது செயல் முடிந்ததைக் குறிக்கும். ‘தந்து விட்டேன்’ என எழுதினால் தந்தபின் எதையோ விட்டதாகவும் பொருள்படும். ‘ஒத்திவைக்க பட்டது’ என எழுதுவோர் வல்லின ஒற்றையும் இழக்கின்றனர்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஊர்ப்பெயர், ஆட்பெயர், சட்டத்தொடர் ஆகியவற்றை நாம் குறுக்க இயலாது. அவை உடைந்தால் உடையட்டும். அறிவிப்பை அனுப்புமுன் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள். உடையும் சொல் வினையாயின், அதில் ‘படு’ உள்ளதா என்று முதலில் தேடுங்கள்.