கடனும் வரியும்: 1963-ஆம் ஆண்டுத் திருத்தம்



மூலதன அமைப்பைப் பற்றிய இக்கருத்தரங்கின் தலைவராக, நேரே விஷயத்துக்கு வருகிறேன். 1958-ஆம் ஆண்டில், பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிராங்கோ மோடிக்லியானியும் மெர்ட்டன் மில்லரும், ஒரு கம்பெனியின் மதிப்புக்கும் அது வாங்கியிருக்கும் கடனுக்கும் சம்பந்தமில்லை என்று நிறுவும் கட்டுரையொன்றை 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' ஏட்டில் வெளியிட்டார்கள். ஐந்தாண்டுகள் கழித்து, 1963-இல், அதே ஏட்டில், வரியைப் பற்றித் தாங்கள் முன்பு எழுதியதில் பிழை இருந்தது என்று ஒப்புக்கொண்டு, 'திருத்தம்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய மற்றொரு கட்டுரையை வெளியிட்டார்கள். அத்திருத்தத்தின் முடிவைச் சூத்திரமாக மனனம் செய்துகொள்ளும் நாம், பிழை எவ்விடத்தில் ஒளிந்திருந்தது என்று நின்று பார்ப்பதில்லை. அவ்விடத்தை நாம் இன்று பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்; ஏனெனில் கடனால் விளையும் மதிப்பைப் பற்றிய விவாதம் முழுவதும் அங்கேதான் அடங்கியிருக்கிறது.

முதலில் வரியே இல்லாத உலகத்தை எடுத்துக்கொள்வோம். வட்டி கட்டுமுன் சராசரியாக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஈட்டும் இரண்டு கம்பெனிகள். தொழிலும் அபாயமும் ஒன்றே. இத்தகைய வருமானத்துக்குச் சந்தை எதிர்பார்க்கும் ஆதாயம் 10 சதவீதம் என்றால், கடனில்லாத கம்பெனியின் மதிப்பு 1 கோடி. மற்றொன்று 5 சதவீத வட்டிக்கு 40 லட்சம் கடன் வாங்கியிருக்கிறது. அதன் பங்குகளை முதலீட்டாளர்கள் மயக்கத்தில் 70 லட்சத்துக்கு உயர்த்தி, மொத்த மதிப்பை 1 கோடியே 10 லட்சமாக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றில் ஒரு பங்கு வைத்திருப்பவர், 70,000 டாலருக்குப் பங்குகளை விற்று, தம் சொந்தப் பொறுப்பில் அதே 5 சதவீதத்துக்கு 40,000 கடன் வாங்கி, கடனில்லாத கம்பெனியில் நூற்றில் ஒரு பங்கை 1 லட்சத்துக்கு வாங்குகிறார். முன்பு அவருக்குச் சராசரியாக 8,000 வந்தது. இப்போது 10,000 வந்து, அதில் 2,000 வட்டிக்குப் போய், அதே 8,000 மிஞ்சுகிறது. நல்ல ஆண்டிலும் கெட்ட ஆண்டிலும் இரண்டு வருமானங்களும் காசு பிசகாமல் ஒத்தே இருக்க, கையில் 10,000 டாலர் இலவசமாக நிற்கிறது. இதைக் கண்டவர் அனைவரும் இதையே செய்வார்களாதலால், விலைகள் நகர்ந்து, இரண்டாம் கம்பெனியின் பங்குகள் 60 லட்சத்துக்கு வந்து சேரும். அப்போது பங்குதாரர் பெறும் ஆதாயம் 13.33 சதவீதம், கடன் ஏற்றிய கூடுதல் அபாயத்தின் கூலி அது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இவ்வாதத்தின் உயிர்நாடி, இரண்டு வருமானங்களும் எல்லா நிலைமைகளிலும் ஒத்துப்போவது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வரி உள்ள உலகத்துக்கு வருவோம். அக்காலத்து அமெரிக்கக் கம்பெனி வரி 52 சதவீதம். கணக்கு எளிதாகும்பொருட்டு அதைப் பாதி என்று கொள்கிறேன். 10 லட்சம் ஈட்டும் கடனில்லாத கம்பெனிக்கு வரி போக 5 லட்சம் மிஞ்சும். 10 சதவீதத்தில் அதன் மதிப்பு 50 லட்சம். மற்றொரு கம்பெனிக்கு 20 லட்சம் கடன், ஆண்டுக்கு 1 லட்சம் வட்டி. வட்டியைக் கழித்தே வரி போடப்படுவதால், பங்குதாரருக்கு 4.5 லட்சமும் கடன் கொடுத்தவருக்கு 1 லட்சமுமாக 5.5 லட்சம் கிடைக்கிறது. அரசாங்கத்துக்குப் போகாமல் நின்ற அரை லட்சம்தான் வித்தியாசம்.

அதன் மதிப்பு என்ன? 1958-ஆம் ஆண்டு வாதம், ஒரே அபாய வகுப்பைச் சேர்ந்த கம்பெனிகளின் மதிப்பு, வரி போக எஞ்சும் சராசரி வருமானத்துக்கு விகிதாசாரமாக இருக்கும் என்று கொண்டு, 5.5 லட்சத்தையும் 10 சதவீதத்தாலேயே மதிப்பிட்டது; விடை 55 லட்சம். பார்வைக்கு நியாயமாகவே தோன்றும் இந்தப் படியில்தான் பிழை இருந்தது. வருமானம் 15 லட்சமாகும் ஆண்டில் கடனில்லாத கம்பெனிக்கு மிஞ்சுவது 7.5 லட்சம், கடனுள்ளதற்கு 8 லட்சம். வருமானம் 5 லட்சமாகச் சுருங்கும் ஆண்டில் முறையே 2.5, 3 லட்சம். முதல் ஆண்டில் கடனுள்ளதன் தொகை மற்றதைப் போல் ஏறத்தாழ 1.07 மடங்கே, இரண்டாம் ஆண்டிலோ 1.2 மடங்கு. விகிதம் நிலைக்கவில்லை. நிலைத்திருப்பது எதுவென்றால், வித்தியாசமாகிய அந்த அரை லட்சமே. தொழில் ஏறினாலும் இறங்கினாலும் அது மாறுவதில்லை. வட்டியைப் போன்றே உறுதியான அத்தொகையை வட்டி வீதமாகிய 5 சதவீதத்தால்தான் மதிப்பிட வேண்டும். மதிப்பிட்டால் 10 லட்சம் வரும். கடனாகிய 20 லட்சத்தை வரி வீதத்தால் பெருக்கினாலும் அதே 10 லட்சம். V_L = V_U + τD என்று நாம் எழுதிவரும் சூத்திரம் இவ்விதமே பிறந்தது.

சந்தை 55 லட்சத்தில் நிற்க முடியாது என்பதையும் பழைய மாற்று வியாபாரத்தாலேயே காட்டலாம். கடனில்லாத கம்பெனியில் நூற்றில் ஒரு பங்கை 50,000 டாலருக்கு விற்பவர், மற்றொன்றில் நூற்றில் ஒரு பங்கை 35,000-க்கும் கடன் பத்திரங்களை 10,000-க்கும் வாங்கினால், சராசரி ஆண்டில் 4,500-உம் 500-உமாக முன்போல் 5,000 பெறுவார். கெட்ட ஆண்டில் 2,000-உம் 500-உம் சேர்ந்து, முன்பு வந்திருக்கக்கூடிய 2,500-ஐயே பெறுவார். செலவோ 45,000 மட்டும். எனவே பங்குகளின் விலை 40 லட்சத்துக்கும், கம்பெனியின் மதிப்பு 60 லட்சத்துக்கும் உயர்ந்தே தீரும். வரியில்லா உலகில் கடனின் மயக்கத்தைக் கலைத்த அதே ஆயுதம், வரியுள்ள உலகில் கடனின் மெய்யான லாபத்தை அளந்து காட்டுகிறது என்பது என் மனத்தை என்றும் கவர்ந்த விஷயம்.

ஆயினும், சேமிப்பு உறுதியானது என்ற அந்த ஒரு நிபந்தனையின்மேல்தான் இவ்வளவும் நிற்கிறது. வருமானம் 50,000 டாலராக வீழ்ந்துவிடும் ஆண்டில், 1 லட்சம் வட்டியைக் கழிப்பதற்குப் போதிய லாபமே இல்லை; முந்திய பிந்திய ஆண்டுகளின் லாபத்தில் கழிக்கச் சட்டம் இடங்கொடாவிட்டால், மிச்சமாவது 25,000 மட்டுமே. கடன் என்றென்றைக்கும் 20 லட்சமாகவே இருக்கும் என்பதும் ஓர் அனுமானம்தான். கம்பெனியின் மதிப்போடு விகிதம் மாறாதபடி ஆண்டுதோறும் கடனைக் கூட்டியும் குறைத்தும் வரும் நிர்வாகத்தில், வருங்காலச் சேமிப்பு தொழிலின் ஏற்ற இறக்கத்தையே பின்பற்றுமாதலால், ஒவ்வோர் ஆண்டின் சேமிப்பையும் அதன் கடைசி ஓராண்டுக்கு மட்டும் வட்டி வீதத்தாலும், அதற்கு முந்திய ஆண்டுகளுக்குத் தொழிலின் 10 சதவீதத்தாலும் மதிப்பிட வேண்டும் என்று 1980-இல் மைல்ஸ், எஸ்ஸெல் இருவரும் காட்டினார்கள். அவ்வாறு செய்தால் நம் உதாரணத்தின் விடை, 1958-ஆம் ஆண்டு விடைக்கு வெகு அருகில் போய் நிற்கும்! ஆனால் பழைய வாதம் அதனால் சரியாகிவிடவில்லை. அது வேறொரு கடன் கொள்கைக்குரிய விடை.

இன்னொரு வரியும் உண்டு. அமெரிக்க நிதியியல் சங்கத்தின் தலைவராக மில்லர் 1976-இல் ஆற்றி, 1977-இல் அச்சான உரையில், முதலீட்டாளர் தம் கையிலிருந்து கட்டும் வரியையும் கணக்கில் சேர்த்தார். பங்கின் ஆதாயத்துக்குத் தனிநபர் வரி இல்லை, கடன் பத்திர வட்டிக்குப் பாதி வரி என்றால், கம்பெனி மிச்சம் பிடித்த அரை லட்சத்தைப் பத்திரம் வைத்திருப்பவர் அப்படியே அரசாங்கத்துக்குக் கட்டிவிடுகிறார். அவரைத் திருப்தி செய்ய வட்டி வீதம் உயர்ந்தாக வேண்டும். கடனால் வரக்கூடிய லாபம் பூஜ்யமாகிவிடுகிறது.

ஆகவே, இன்றைய அமர்வுகளில் கட்டுரை வாசிக்கும் அன்பர்கள், கடனின் மதிப்பாக ஒரு தொகையைச் சேர்க்குமுன், அக்கடன் தொகை நிலையானதா, விகிதம் நிலையானதா என்பதையும், வட்டி பெறுபவர் என்ன வரி கட்டுகிறார் என்பதையும் முதற்பக்கத்திலேயே சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.