ஐந்தாவது சாட்சி

நெடுந்தீவில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவியும் கடைசி மகளும் அவரோடு இருக்கிறார்கள். மூத்த மகன்மார் இருவரும் ரொறன்ரோவில். வீட்டையும் வளவையும் தன்னைப் பராமரிக்கிற மகளுக்கே விட்டுப்போக நினைக்கிறார். நொத்தாரிசிடம் போவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும், முழங்கால் இடங்கொடாது. மூத்தவன் தொலைபேசியில் சொல்கிறான்: "அப்பா, நீங்களே கைப்பட எழுதி ஒப்பம் வையுங்கோ. அது காணும்."

மகன் பொய் சொல்லவில்லை. அவன் வாழும் ஒன்ராறியோவில் முழுக்கக் கைப்பட எழுதி ஒப்பமிட்ட மரணசாசனத்துக்குச் சாட்சியே தேவையில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1948இல் உழவு இயந்திரத்தின் கீழ் அகப்பட்ட ஒரு விவசாயி, சொத்தெல்லாம் மனைவிக்கே என்று அதன் தகட்டில் பேனாக்கத்தியால் கீறிவைத்தார். நீதிமன்றம் அதையும் மரணசாசனமாக ஏற்றது. தமிழ்நாட்டு உறவினரைக் கேட்டால், இரண்டு சாட்சி போதும் என்பார். அங்கே அதுவும் சரி.

நெடுந்தீவில் இரண்டும் சரிவராது. இங்கே பேசுவது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம். அதன்படி இரண்டு வழிகள் உண்டு. நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பமிட்டால், அவரோடு இரண்டு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். சட்டத்தரணி இல்லாமல் கொப்பித்தாளில் எழுதியது செல்லுமா என்றால், செல்லும். ஆனால் அந்த ஐந்து பேர் இருந்தாக வேண்டும்.

அந்த ஐவரும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். பலருடைய தாள்கள் பிழைத்துப்போவது இந்த இடத்தில்தான். காலையில் நாலு பேர் ஒப்பமிட்டார்கள், ஐந்தாமவர் பின்னேரப் படகில் வந்து வைத்தார் என்றால் அது ஐந்து சாட்சி ஆகாது. அப்படி நடந்துவிட்டால் திருத்த வழியுண்டு. ஐவரையும் ஒன்றாக இருத்தி, "இது என் மரணசாசனம், இது என் ஒப்பம்" என்று பெரியவர் அவர்கள் முன் ஏற்றுக்கொண்டு, அவர் கண்முன்னே ஐவரும் ஒப்பமிட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. தாளை மடித்துப் பிடிக்கலாம். ஊர் வாய்க்குப் பயப்படுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஐந்தாவது ஆள் கிடைக்காமல் மருமகனைப் பிடித்து ஒப்பம் வைக்கச் சொல்வது நம்மூர் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். சொத்துப் பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக நின்றால், அந்தப் பங்கே விழுந்துபோகலாம். மகளுக்கு எழுதிய வீட்டை மகளின் கணவரின் ஒப்பமே கெடுத்துவிடலாம்.

இன்னொன்று, அந்த வீடு யாருடையது? தேசவழமைப்படி, திருமணத்துக்குப் பின் உழைத்து வாங்கியது தேடியதேட்டம். அதில் பாதி மனைவியுடையது. பெரியவர் தன் பாதியை மட்டுமே எழுதலாம். முழு வீடும் மகளுக்குப் போகவேண்டுமென்றால் மனைவியும் தன் பாதிக்குத் தனியாக எழுத வேண்டும். தகப்பன் வழியில் வந்த முதுசொக் காணி என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

எழுதும்போது காணியை "பனங்காணி" என்று மட்டும் விடாமல், உறுதி இலக்கம், பரப்பு, நான்கு எல்லை எல்லாம் குறியுங்கள். ஒப்பம் கடைசி வரிக்குக் கீழே இருக்கட்டும். ஒப்பத்துக்குக் கீழே பிறகு சேர்ப்பதை நம்ப முடியாது. வெட்டித் திருத்தினால் அந்தத் திருத்தத்துக்கும் அதே ஐவர் சடங்கு தேவை. அதைவிடப் புதிதாக எழுதி, பழையதைக் கிழிப்பது சுலபம். மரணசாசனம் எழுதிய பின் திருமணம் செய்தால் அது இரத்தாகிவிடும். இரண்டாம் திருமணம் செய்கிறவர்கள் கவனிக்க.

சாட்சிகளைத் தேடுவதில் எங்கள் தீவுகளுக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. நீதிமன்றத்தில் மரணசாசனத்தை நிரூபிக்கும் நாளில், உயிரோடும் கைக்கெட்டிய தூரத்திலும் இருக்கிற சாட்சி ஒருவராவது வரவேண்டும். இன்று ஒப்பமிடும் ஐவரில் இருவர் எண்பது வயதுக்காரர், இருவர் விசா பார்த்திருப்பவர்கள் என்றால், பத்து வருடத்தில் யார் மிஞ்சுவார்? ஆகவே இளம் வயதினர், ஊரில் வேலையுள்ளவர்கள் இரண்டொருவரைச் சேருங்கள். ஒவ்வொருவரின் முழுப்பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் தாளிலேயே இருக்கட்டும். யாருமே கிடைக்காத நாளில், ஒரு சாட்சியின் கையெழுத்தையாவது அடையாளம் காட்ட அது உதவும்.

நொத்தாரிசு எழுதினால் ஒரு பிரதி அவரிடம் இருக்கும். கைப்பட எழுதியதற்கு அந்த ஒரே தாள்தான். ஓலைப்பெட்டியில் வைத்துக் கறையான் தின்றால், பெரியவரே மனம்மாறிக் கிழித்துவிட்டார் என்று எதிர்ப்பக்கம் வாதாடும். பிளாஸ்திக் உறையிலிட்டு, நிறைவேற்றுபவராகப் பெயர் எழுதியவரிடம் கொடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று ரொறன்ரோவில் உள்ள மகன்களுக்கும் சொல்லிவையுங்கள்.