‘செம்பு’ன்னு தேடினா எந்தச் செம்பு வரணும்?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டுப் பேசப் போறேன். அந்த வார்த்தை ‘செம்பு’. நான் தேடல் பக்கங்களை வரிசைப்படுத்துற வேலையில இருக்கிறவன். அந்த வேலையில இருக்கிற ஒரு சிக்கலை விளக்க இதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கல.

திருப்பூர்னா எல்லாருக்கும் பனியன்தான் ஞாபகம் வரும். ஆனா அவிநாசி ரோட்டுல இருக்கிற அனுப்பர்பாளையம், பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். செம்பு, பித்தளை, எவர்சில்வர்னு குடமும் அண்டாவும் தவலையும் அங்க பட்டறைகள்ல உருவாகுது. அந்த ஊர்ல ரெண்டு பேரைக் கற்பனை பண்ணிக்கங்க. ஒருத்தர் பட்டறை வச்சிருக்கிறவர். இன்னைக்குத் தகடு என்ன விலைன்னு தெரிஞ்சாத்தான் அவரால ஆர்டருக்கு ரேட் சொல்ல முடியும். போனை எடுத்து ‘செம்பு’ன்னு அடிக்கிறார். இன்னொருத்தர் அதே தெருவுக்கு வந்திருக்கிற ஒரு அக்கா. வீட்டு விசேஷத்துக்குத் தண்ணி வைக்கிற செம்பு வாங்கணும். அவங்களும் ‘செம்பு’ன்னுதான் அடிக்கிறாங்க. எழுத்து ஒண்ணு, இடம் ஒண்ணு, நேரமும் ஒண்ணு. ஆனா ஒருத்தருக்கு வேண்டியது உலோகம், இன்னொருத்தருக்கு வேண்டியது பாத்திரம்.

தமிழ்ல இது எப்படி ஆச்சுன்னா, உலோகத்தோட பேரே பாத்திரத்துக்கும் பேராயிடுச்சு. அதனாலதான் ‘பித்தளைச் செம்பு’, ‘எவர்சில்வர் செம்பு’ன்னு கொஞ்சம்கூட யோசிக்காம சொல்றோம். ரெண்டுமே தனிச் செம்பு உலோகத்துல செஞ்சது கிடையாது. வார்த்தை பொருந்துதான்னு மட்டும் பார்க்கிற தேடுபொறிக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

சரி, தேடுபொறி என்ன பண்ணும்? பழைய வழி ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு பக்கத்துக்கும், ‘இது தேடுறவருக்குப் பயன்பட எவ்வளவு வாய்ப்பு?’ன்னு ஒரு மதிப்பெண் போடு. மதிப்பெண் அதிகமா இருக்கிறதை மேல வை. 1977ல ஸ்டீபன் ராபர்ட்சன் இதை ஒரு கொள்கையாவே எழுதி வச்சார். இதுல ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு. ஒரு பக்கத்தோட பயன், அதுக்கு மேல என்ன இருக்குங்கிறதைப் பொறுத்தது இல்லைங்கிற அனுமானம். ‘செம்பு’ மாதிரி வார்த்தை வந்தா அது உடைஞ்சு போகுது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் புரியறதுக்காக நானா வச்சது. ‘செம்பு’ன்னு அடிக்கிற 100 பேர்ல 60 பேருக்குப் பாத்திரம் வேணும். 30 பேருக்கு உலோக விலை. மீதி 10 பேர் பள்ளிக்கூடப் பசங்க. அவங்களுக்கு அணு எண் 29 இருக்கிற தனிமமான செம்பைப் பத்தித் தெரியணும். பாத்திரத்துக்கு நல்ல பக்கங்கள் நிறைய இருக்கு. முதல் பக்கம் பாத்திரம் தேடுறவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேரைத் திருப்திப்படுத்தும். அடுத்த ரெண்டும் பத்துக்கு எட்டு. விலைப் பக்கம், விலை தேடுறவங்கள்ல பத்துக்கு எட்டு. வேதியியல் பக்கம், பசங்கள்ல பத்துக்கு ஏழு.

பழைய வழியில முதல் மூணு இடமும் பாத்திரத்துக்கே போயிடும். முதல் பக்கம் 54 பேரைத் திருப்தி பண்ணிடுச்சு. பாத்திரம் தேடினவங்கள்ல மிச்சம் 6 பேர்தான். ரெண்டாவது பக்கம் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அந்த 6 பேர்ல சுமார் 5 பேருக்குத்தான் புதுசா உதவ முடியும். மூணாவது பக்கத்துக்கு மிச்சம் ஒரே ஒருத்தர். ஆக மூணு இடத்தையும் செலவு பண்ணி, 60 பேர்தான் திருப்தி. பட்டறைக்காரர் உட்பட 40 பேர் வெறுங்கையோட திரும்பிட்டாங்க.

இப்ப கேள்வியை மாத்திக் கேட்போம். ஒவ்வொரு இடத்துலயும், ‘இன்னும் கிடைக்காம நிக்கிறவங்கள்ல அதிகம் பேருக்கு உதவற பக்கம் எது?’ன்னு கேட்கணும். முதல் இடத்துக்குப் பாத்திரம்தான், 54 பேர். அதுல மாத்தமில்ல. ரெண்டாவது இடத்துக்கு இன்னொரு பாத்திரப் பக்கம் வச்சா 5 பேர், விலைப் பக்கம் வச்சா 24 பேர். விலை ஜெயிக்குது. மூணாவதுக்கு வேதியியல் பக்கம் 7 பேர், பாத்திரம் அதே 5 பேர். வேதியியல் வருது. கூட்டிப் பாருங்க, 85 பேர். அதே மூணு இடம்தான், ஆனா 25 பேர் கூடுதலா திருப்தி. நாலாவது இடத்துக்கு மறுபடியும் பாத்திரம் திரும்பி வருது, ஏன்னா மிச்சம் இருக்கிற 6 பேர்ல சுமார் 5 பேருக்கு உதவ அதுக்கு இன்னொரு நல்ல பக்கம் இருக்கு.

இந்த முறையை 2009ல ராகேஷ் அகர்வாலும் அவரோட மைக்ரோசாஃப்ட் சகாக்கள் மூணு பேரும் ஒரு ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டாங்க. சராசரியா தேடுற ஒருத்தருக்குப் பயனுள்ள ஒரு பக்கமாவது கிடைக்க வாய்ப்பைக் கூட்டறதுதான் நோக்கம். 100 பக்கத்துல இருந்து 10 பக்கத்தை எடுக்க 17 லட்சம் கோடிக்கும் மேல சேர்க்கைகள் இருக்கு. எல்லாத்தையும் போட்டுப் பார்க்க முடியாது. அதனால நாம இப்ப பண்ணின மாதிரி ஒவ்வொண்ணா எடுக்கிறாங்க. இப்படி எடுத்தா, ஆகச் சிறந்த சேர்க்கை தர்ற பயன்ல 63 சதவீதத்துக்குக் கீழ போகவே போகாதுன்னு கணித நிரூபணமும் இருக்கு.

நீங்க கேட்கலாம், ‘அப்ப எல்லாத் தேடலுக்கும் கதம்பம் மாதிரி கலந்து கொடுத்துடுவாங்களா?’ன்னு. இல்ல. அதே விதியே அதைப் பார்த்துக்கும். ‘செம்புக் குடம்’னு அடிச்சா 100ல 97 பேருக்குப் பாத்திரம்தான் வேணும், 2 பேருக்குத்தான் விலைன்னு வச்சுக்கங்க. முதல் பக்கம் போக, பாத்திரம் தேடினவங்கள்ல இன்னும் பத்து பேர் மிச்சம் இருப்பாங்க. ரெண்டாவது பாத்திரப் பக்கம் அதுல சுமார் 8 பேருக்கு உதவும். விலைப் பக்கம் ரெண்டு பேருக்குக்கூட உதவாது. அதனால ரெண்டாவது இடமும் பாத்திரத்துக்கே. அர்த்தம் தெளிவா இருந்தா பக்கமும் தெளிவா இருக்கும்.

இதுக்கு முன்னாடியே, 1998ல, ஜெய்மி கார்பனெல், ஜேட் கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு பேர் வேற ஒரு வழி சொல்லியிருந்தாங்க. மேல வச்ச பக்கங்களோட வாசகத்துல இருந்து அடுத்த பக்கம் எவ்வளவு வித்தியாசமா இருக்குன்னு பார்த்து, அதுக்கும் மதிப்புக் கொடு. நல்ல யோசனைதான். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ற பக்கங்கள் இதுல கழிஞ்சிடும். ஆனா வாசகம் வேறயா இருக்கிறதும் அர்த்தம் வேறயா இருக்கிறதும் ஒண்ணு இல்ல. ‘கல்யாணச் சீர் வரிசை’, ‘பூஜைப் பாத்திரங்கள்’னு ரெண்டு பக்கம் இருக்கு. வார்த்தைகள் வேற வேற, ஆனா ரெண்டுமே பாத்திரம்தான். பட்டறைக்காரர் இன்னும் வெளியதான் நிக்கிறார்.

இப்ப கஷ்டமான பகுதிக்கு வருவோம். அந்த 60, 30, 10 எங்க இருந்து வரும்? க்ளிக்கை எண்ணினாப் போதும்னு தோணும். ஆனா பக்கம் முழுக்கப் பாத்திரமா காட்டினா, க்ளிக்கும் பாத்திரத்துலதான் விழும். விலை தேடி வந்தவர் எதையும் தொடாம போயிடுவார். மறுநாள் பதிவைப் பார்த்தா, ‘யாருக்குமே விலை வேண்டாம்போல’ன்னு தெரியும். காட்டாததுக்கு ஓட்டு விழாது.

அதனால க்ளிக்கைவிட, அடுத்து என்ன அடிச்சாங்கன்னு பார்க்கிறது நம்பகமானது. ‘செம்பு’ன்னு அடிச்சு, எதையும் தொடாம, உடனே ‘செம்பு கிலோ விலை’ன்னு திருத்தி அடிச்சா, முதல் தடவையே அவருக்கு வேண்டியது எதுன்னு தெரிஞ்சு போச்சு. இப்படித் திருத்தி அடிக்கிறது கூடிக்கிட்டே போனா, ஏதோ ஒரு அர்த்தம் விடுபட்டுப் போயிருக்குன்னு புரிஞ்சுக்கலாம்.

எழுத்துமுறையும் ஒரு தொல்லை. கொங்குப் பேச்சுல பாத்திரத்தை ‘சொம்பு’ன்னும் சொல்லுவோம். ரெண்டும் ஒண்ணுதான்னு தேடுபொறியில இணைச்சா, ‘சொம்பு தூக்குறது’ பத்தின அரசியல் மீம் எல்லாம் உள்ள வந்துடும்! நம்ம பக்கத்துல பாலக்காடு வேற இருக்கு. மலையாளத்துல செம்பு உலோகத்துக்கும் சேப்பங்கிழங்குக்கும் உச்சரிப்புல நெடில், குறில் வித்தியாசம்தான். ஆங்கில எழுத்துல `chembu`ன்னு அடிச்சா அந்த வித்தியாசமும் போயிடும். அதனால அர்த்தங்களோட பட்டியல், அடிக்கிற எழுத்தைப் பொறுத்து மாறணும்.

‘ஆளைப் பார்த்துக் கணிச்சிடலாமே’ன்னு சிலர் சொல்லுவாங்க. பட்டறைக்காரர்னா விலைன்னு முடிவு பண்ணிடலாம்தானே? ஆனா காலையில விலை பார்த்த அதே மனுஷன், சாயங்காலம் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கொடுக்கச் செம்பு தேடலாம். கணிப்பு சரியா இருந்தா பங்கீட்டை மாத்தலாம், 30ஐ 70 ஆக்கலாம். ஆனா 100 ஆக்கிட்டா, தப்பும்போது மாத்து வழியே இருக்காது.

இந்த முறைக்கு ஒரு எல்லையும் இருக்கு. ஒரு நல்ல பக்கம் கிடைச்சாப் போதும்னு இது நினைச்சுக்குது. விலை பார்க்கிறவருக்கு அது சரி. ஒரு எண் தெரிஞ்சா வேலை முடிஞ்சது. பாத்திரம் வாங்கற அக்காவுக்கு ஒண்ணு போதாது. நாலு கடை, எடை, கனம், விலைன்னு ஒப்பிட்டுத்தான் வாங்குவாங்க. அதனால பொருள் வாங்கற அர்த்தம் ஒண்ணு இருந்தா, முதல் பக்கத்தோட அந்தக் கணக்கை மூடிடக் கூடாது. முதல் பக்கத்தால மிச்சம் 6 பேர் ஆகாம, 30 பேர்தான் ஆவாங்கன்னு குறைப்பை மெதுவாக்கணும். அப்ப ரெண்டாவது இடத்துல பாத்திரப் பக்கத்துக்கும் 24, விலைப் பக்கத்துக்கும் 24 வந்து நிக்கும். சமமா வந்தா எனக்குப் பிடிச்சது விலையை மேல வைக்கிறது. அக்காவுக்கு இன்னொரு கடை ஒரு இடம் தள்ளிக் கிடைக்கும். பட்டறைக்காரருக்கு அந்த ஒண்ணுதான் பதில்.

கடைசியா, நீங்களே ஒரு சின்னக் கடைக்கோ காலேஜ் ப்ராஜெக்டுக்கோ தேடல் செஞ்சா இதைச் சோதிச்சுப் பார்க்கலாம். ரெண்டு அர்த்தம் இருக்கிற வார்த்தைகள் இருபது எழுதிக்கங்க. ஒவ்வொரு அர்த்தத்துக்கும், அதுக்கான முதல் நல்ல பதில் எத்தனையாவது இடத்துல வருதுன்னு குறிச்சுக்கங்க. சராசரி எடுக்காதீங்க, சராசரியில பாத்திரம் தேடுறவங்க கூட்டம்தான் தெரியும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ரொம்பக் கீழ கிடக்கிற அர்த்தம் எதுன்னு பாருங்க. போன் திரையில ஸ்க்ரோல் பண்ணாமத் தெரியற இடத்துக்குள்ள அது வரலைன்னா, அங்க இருந்து வேலையை ஆரம்பிங்க.