ஒரு மாணவர் மாற்றிவிடும் ஒட்டுறவு

ஐந்து மாணவர்களைக் கற்பனை செய்துகொள்வோம். உடல்நலக் குறைவால் அவர்கள் எடுத்த விடுப்பு நாள்கள் முறையே 1, 2, 3, 4, 40. சோர்வு எவ்வளவு என்று கேட்டு, 1 முதல் 5 வரை அவர்களிடம் பெற்ற புள்ளிகள் 4, 3, 2, 1, 5.

கார்ல் பியர்சன் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டால் 0.66 வருகிறது. விடுப்பு கூடினால் சோர்வும் கூடுகிறது என்று அறிக்கை எழுதிவிடுவோம். ஆனால் முதல் நான்கு பேரிடம் விடுப்பு கூடக் கூடச் சோர்வு குறைகிறது! அந்த 0.66 முழுவதும் 40 நாள் விடுப்பு எடுத்த ஒரே மாணவரால் வந்தது.

ஸ்பியர்மேன் தர ஒட்டுறவில் 40 என்பது வெறும் ஐந்தாம் தரம். 5 நாள் என்றிருந்தாலும் அதே தரம்தான். தர வேறுபாடுகள் 3, 1, 1, 3, 0. அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 20.

1 − (6 × 20) ÷ (5 × 24) = 0

சோர்வுப் புள்ளிக்கும் தரமே பொருந்தும். 1க்கும் 2க்கும் உள்ள இடைவெளி 4க்கும் 5க்கும் உள்ளதற்குச் சமம் என்று யாரும் அளந்து சொல்லவில்லை. வரிசை மட்டுமே நமக்குத் தெரியும்.

உண்மையான வகுப்பில் பலர் ஒரே புள்ளி பெறுவார்கள். அவர்களுக்குச் சராசரித் தரம் கொடுங்கள். அப்போது மேற்கண்ட சூத்திரம் சற்றுப் பிசகும். தரங்களுக்கே பியர்சன் கெழுவைக் காண்பது சரி. எக்செலில் `RANK.AVG`, `CORREL` இரண்டும் போதும்.

உயரம், எடை போன்றவை சிதறல் விளக்கப்படத்தில் நேர்கோட்டை ஒட்டி அமைந்து, தனித்து விலகிய புள்ளி இல்லையென்றால் பியர்சனே பொருத்தம். ஆகவே முதலில் படத்தை வரையுங்கள்.

அந்த 40 நாள் மாணவரைத் தனியே அழைத்து விசாரியுங்கள். அவரை வைத்து வகுப்பு முழுவதையும் அளந்துவிடாதீர்கள்.