மைசின் என்னும் ஈறு



மருந்தியல் பயில்வோர் நுண்ணுயிர்க்கொல்லிகளை ஒரே தாளில் தொகுத்து வைத்துக்கொள்வர். வகை, செயல்முறை, செயற்பரப்பு, பக்கவிளைவு என அதில் நான்கு பத்திகள் இருக்கும். அத்தாளைத் தமிழில் தொகுக்க முற்படுவோர் முதலில் சந்திப்பது ஒரு சொல்லியல் சிக்கலாகும். அதனையே இன்று ஆராய்வோம்.

மருந்தின் பெயரீற்றைக் கொண்டு அதன் வகையை அறியலாம் என்பது மாணவர் வழக்கம். சில ஈறுகள் இந்நம்பிக்கைக்கு உரியவை. அமோக்சிசிலின், ஆம்பிசிலின், கிளாக்சசிலின் ஆகிய மூன்றும் 'சிலின்' என முடிகின்றன. மூன்றும் பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றும் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுப்பவை. எனவே ஒன்றுக்கு ஒவ்வாமை கொண்டவர்க்கு மற்றவற்றையும் மருத்துவர் தவிர்ப்பர்.

'மைசின்' என்னும் ஈறு அத்தகையதன்று. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசீஸ் என்னும் நுண்ணுயிரிகளிலிருந்து பெறப்பட்ட மருந்துகளுக்கு அவ்வீறு வழங்கலாயிற்று. அது மருந்தின் பிறப்பைக் கூறுகிறதேயன்றி அதன் தொழிலைக் கூறவில்லை. இதனை நான்கு மருந்துகளைக் கொண்டு காண்போம்.

முதலாவது எரித்ரோமைசின். இது மேக்ரோலைடு வகை. பாக்டீரியாவில் புரதம் தொகுக்கும் ரைபோசோமின் பெருந்துண்டத்தில் ஒட்டிக்கொண்டு அவ்வேலையை நிறுத்துகிறது. இதன் பொதுவான பக்கவிளைவு வயிற்றுக் குமட்டல். இதயத்துடிப்பின் சீரும் சிலரிடம் மாறக்கூடும்.

இரண்டாவது கிளிண்டமைசின். இதுவும் அதே பெருந்துண்டத்தையே பற்றுகிறது. ஆயினும் இதன் வகை லின்கோசமைடு. உயிர்வளி இன்றி வாழும் பாக்டீரியாக்களையும் இது தாக்குகிறது. அதனால் குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் அழிய, குளோஸ்டிரிடியோய்டஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா பெருகிக் கடும் பெருங்குடல் அழற்சியை விளைவிக்கக்கூடும்.

மூன்றாவது வான்கோமைசின். போர்னியோத் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்டது. இது கிளைக்கோபெப்டைடு வகை. ரைபோசோமைத் தொடாமல் செல்சுவரைத் தடுக்கிறது. கிராம் எதிர் பாக்டீரியாக்களின் வெளிப்படலத்தை ஊடுருவ இயலாத அளவு பெரிய மூலக்கூறாதலால், கிராம் நேர் பாக்டீரியாக்களிடமே பயன்படுகிறது. நரம்பில் விரைந்து செலுத்தினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். வாய்வழி கொடுத்தால் குடலிலேயே தங்கிவிடும். அதனாலேயே மேற்சொன்ன பெருங்குடல் அழற்சிக்கு இது மருந்தாகிறது. ஒரு மைசின் விளைத்த நோயை மற்றொரு மைசின் தீர்க்கிறது என்றால், இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதுவது எங்ஙனம் பொருந்தும்?

நான்காவது ஜென்டமைசின். இது அமினோகிளைக்கோசைடு வகை. ரைபோசோமின் சிறுதுண்டத்தைப் பற்றுகிறது. பாக்டீரியாவினுள் இது நுழைய உயிர்வளி வேண்டும். ஆதலின் உயிர்வளி இன்றி வாழ்வனவற்றிடம் பயனற்றது. இது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். உட்செவியைத் தாக்கினால் செவிப்புலன் மீளாமலும் போகலாம். எனவே குருதியில் இதன் அளவைச் சோதித்துக் கொடுக்கின்றனர்.

இங்கே எழுத்து வேறுபாடு ஒன்றும் உண்டு. ஜென்டமைசின் ஸ்ட்ரெப்டோமைசீஸிலிருந்து வந்ததன்று. மைக்ரோமோனோஸ்போரா என்னும் வேறொன்றிலிருந்து வந்தது. அதனைக் காட்டவே உரோம எழுத்தில் 'ஒய்' வரவேண்டிய இடத்தில் 'ஐ' இட்டு எழுதுகின்றனர். தமிழில் இரண்டும் 'மை' என்றே ஒலிபெயர்க்கப்படுவதால் அவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. அவ்வெழுத்தும் பிறப்பையே குறிக்கும் என்பதை மறத்தலாகாது. ஸ்ட்ரெப்டோமைசின் 'ஒய்' இட்டு எழுதப்படினும் ஜென்டமைசினின் வகையைச் சேர்ந்ததே.

அவ்வாறாயின் ஈறு முற்றிலும் பயனற்றதா? அன்று. ஈற்றைச் சற்று நீட்டி நோக்கினால் விடை கிடைக்கும். எரித்ரோமைசின், அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவற்றில் 'த்ரோமைசின்' என்பதே ஈறு. அது மேக்ரோலைடுகளுக்கு உரியது. வெறும் 'மைசின்' எனக் குறுக்கும்போதுதான் பொருள் கெடுகிறது.

ஆகவே தாளைத் தொகுப்போர் பெயரிலிருந்து தொடங்காமல் செயல்முறையிலிருந்து தொடங்குதல் நலம். செல்சுவர், ரைபோசோமின் சிறுதுண்டம், பெருந்துண்டம் எனத் தலைப்பிட்டு, அவற்றின்கீழ் வகையையும் அதன்கீழ் மருந்தையும் எழுதுக. பின்னர்ப் பெயர்ப் பத்தியை மறைத்துக்கொண்டு, செயல்முறையையும் பக்கவிளைவையும் மட்டும் படித்து மருந்தைக் கூற முயல்க. மைசின்கள் ஒன்றோடொன்று குழம்பினால், தாள் இன்னும் ஈற்றை நம்பியே நிற்கிறது என்று அறிக.

இது தேர்வுத்தாளோடு முடிவதன்று. 'மைசின் எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று ஒரு முதியவர் மருந்தகத்தில் கூறுவாராயின், அச்சொல்லைக் கொண்டு எந்த மருந்தைத் தவிர்ப்பது என்று எவராலும் துணிய முடியாது. வீட்டிலுள்ள மாணவர் அம்மருந்தின் முழுப்பெயரை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தனுப்பினால், மருந்தாளர்க்கு அது போதும்.