சொல்வதெழுதும் கைப்பேசி

(குறுவள மைய ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கைப்பேசியில் தட்டச்சு செய்யாமல் பேசித் தேடுவது பற்றிச் சொல்லுமாறு பணித்திருக்கிறார்கள். மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேச வேண்டும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஓர் இணையதளத்தின் பெயரை நாம் சரியாகவே உச்சரித்தாலும் கைப்பேசி வேறு எங்கேயோ கொண்டுபோய் விடுகிறதே, அது ஏன் என்பதை மட்டும் இன்று பார்ப்போம்.

நம் அறிவியல் பாடநூல்களின் பாட இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதி வருகிறது. அதில் அடிக்கடி காணப்படும் ஒரு தளம் PhET. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ஆம் ஆண்டு இதைத் தொடங்கியவர் கார்ல் வீமன். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவர் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டிருந்தார். மின்கலம், கம்பி, பல்பு எல்லாவற்றையும் திரையில் இழுத்து வைத்து மின்சுற்று அமைத்துப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. சில செயல்பாடுகள் தமிழிலும் உள்ளன. ஆய்வகத்தில் அம்மீட்டர் பழுதாகிக் கிடக்கும் பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பெயரை ‘ஃபெட்’ என்று உச்சரிக்க வேண்டும். உங்கள் கைப்பேசியில் இப்போதே மைக்கைத் தொட்டு ‘ஃபெட்’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஒருவருக்கு ‘fat’ என்று வந்திருக்கும், இன்னொருவருக்கு ‘pet’ என்று வந்து நாய்க்குட்டிகள் வரிசையாக நிற்கும். குரல் மொழியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு ‘பெட்’ என்று விழுந்து மெத்தைக் கடைகள்கூட வரலாம். நம் ஊரில் பெட் என்றால் மெத்தைதானே! ஒரு கைப்பேசிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு இருக்கும். ஆனால் நாம் தேடியது பலருக்கு முதலில் வராது.

ஏன் இப்படி? கைப்பேசி செய்வது நாம் வகுப்பில் செய்கிற சொல்வதெழுதுதல்தான். நீங்கள் ‘அறை’ என்று சொல்கிறீர்கள். பேச்சில் இடையின ரகரத்துக்கும் வல்லின றகரத்துக்கும் வேறுபாடு காட்டாத ஊரில் ஒரு பிள்ளை ‘அரை’ என்று எழுதுகிறது. அது எழுத்துப் பிழையா? தனியாகப் பார்த்தால் இல்லை. அரை என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தான். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தெரிந்தால்தான் அது பிழை என்பது தெரியும்.

கைப்பேசியும் முதலில் ஒலியை வாங்கிக்கொள்கிறது. அந்த ஒலிக்கு நெருக்கமான சொற்கள் எவை என்று பார்க்கிறது. அவற்றில் மக்கள் அதிகம் பயன்படுத்தும் சொல்லை, முன்பின் சொற்களோடு பொருந்தும் சொல்லை எழுதுகிறது. ‘ஃபெட்’ என்ற ஒலிக்குப் பக்கத்தில் pet, bed, fat, fed என்று நாள்தோறும் புழங்கும் சொற்கள் கூட்டமாக நிற்கின்றன. PhET என்பதோ ஆசிரியர் வட்டாரத்துக்கு வெளியே அதிகம் கேள்விப்படாத பெயர். கூட்டத்தில் அது அடிபட்டுப் போகிறது. தமிழில் ஃப ஒலி இயல்பாக இல்லாததால் நம் வாயில் அது பாதி ‘ப’ ஆகவே வெளிவருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். Physics Education Technology என்ற சொற்களிலிருந்து எடுத்த பெயர் அது, அதனால்தான் அந்த எழுத்துக்கூட்டல். காதால் மட்டும் கேட்பவருக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்துச் சொல்லப்போவதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தட்டச்சில் நாம் ‘colarado’ என்று தப்பாக அடித்தால் தேடுபொறி, ‘colorado என்றா கேட்கிறீர்கள்’ என்று திருத்தித் தரும். அப்படி ஒரு சொல்லே இல்லை என்று அதற்குத் தெரியும். ஆனால் குரலில் வரும் தவறு எப்போதும் எழுத்துப் பிழையில்லாத சொல்லாக வந்து நிற்கிறது. pet என்று வந்தால் அது நாய்க்குட்டியைத் தேடுவதாகவே எடுத்துக்கொள்ளும். திருத்த ஒன்றும் இல்லை. அரை, அறை கதைதான். தட்டச்சுப் பிழையைப் பிடித்துக்கொள்ளும் வலை, குரல் பிழையை நழுவ விட்டுவிடுகிறது.

வணிகப் பெயர்களிலும் திட்டப் பெயர்களிலும் இது கூடுதலாக நடக்கக் காரணம், அந்தப் பெயர்கள் வைக்கப்படும் முறை. வழக்கமான சொல்லின் இணைய முகவரியை யாராவது முன்பே வாங்கி வைத்திருப்பார்கள். அதனால் எழுத்தைக் குறைப்பார்கள், மாற்றுவார்கள். ஒளிப்படங்களுக்கான Flickr தளத்தில் r-க்கு முன் இருக்க வேண்டிய e இல்லை. ஒலியில் அந்த e போனது தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும். இதில் கணித ஆசிரியர்களுக்குப் பிடித்த ஒன்று உண்டு. 1-க்குப் பின் நூறு பூச்சியம் போட்டால் வரும் எண்ணுக்கு googol என்று பெயர். அந்தச் சொல்லிலிருந்துதான் எழுத்து மாறி Google வந்தது. இன்று அந்த எண்ணைத் தேட மைக்கில் ‘கூகோல்’ என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர்தான் எழுதப்படும். பெயர் புகழ்பெற்றால் பழைய சொல்லையே விழுங்கிவிடும். புகழ் பெறாத பெயரைப் பழைய சொல் விழுங்கும்.

அரசுத் தளங்களில் வேறொரு வகைச் சிக்கல். DIKSHA 2017-இல் தொடங்கப்பட்டது. நம் பயிற்சிகள் பலவும் அதில்தான். ஆனால் தீக்ஷா என்பது ஒரு பெண் குழந்தையின் பெயரும்கூட. உங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டிலேயே ஒருத்தி இருப்பாள். அதை Diksha என்றும் Deeksha என்றும் எழுதுகிறார்கள். ஒலி ஒன்று, எழுத்து இரண்டு. இரண்டாவது எழுத்து விழுந்தால் அந்தப் பெயரில் இருக்கும் மனிதர்களும் நிறுவனங்களும் முன்னால் வந்துவிடும். பெயர் வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம் என்பது என் கருத்து.

சரி, என்ன செய்யலாம்? சொல்வதெழுதுதலில் குழந்தை தடுமாறினால் நாம் என்ன செய்வோம்? ‘வகுப்பறை, அதில் வரும் அறை’ என்று தொடரில் வைத்துச் சொல்வோம். கைப்பேசிக்கும் அதுவே. ‘ஃபெட்’ என்று மட்டும் சொல்லாமல், ‘ஃபெட் சிமுலேஷன் கொலராடோ யுனிவர்சிட்டி’ என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். கொலராடோ எல்லோரும் அறிந்த ஊர்ப்பெயர், கைப்பேசிக்கு அதில் குழப்பம் குறைவு. அது வந்ததும் பக்கத்தில் நிற்கும் ‘ஃபெட்’ எது என்பதும் பல நேரம் தெளிவாகிவிடும். ஒருவேளை pet என்றே எழுதினாலும் மற்ற மூன்று சொற்கள் தேடலைச் சரியான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ஓம் விதி வேண்டுமானால் ‘ஓம்ஸ் லா’ என்பதையும் சேர்க்கலாம். ஆங்கிலப் பெயரைத் தேடும்போது குரல் மொழியை ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றிக்கொள்வதும் நல்லது. தமிழ் அமைப்பில் பெயர் தமிழ் எழுத்தில் விழுந்துவிடும். அங்கே pet, bet, bed எல்லாமே ‘பெட்’தான்.

இன்னொன்று, மைக் இரண்டு இடத்தில் இருக்கிறது. தேடல் பட்டையில் உள்ள மைக்கில் பேசி நிறுத்தியதும் அது தானாகவே தேடப் போய்விடும். விசைப்பலகையில் உள்ள மைக் நாம் சொன்னதைப் பெட்டியில் எழுதிவிட்டு நிற்கும். தேடு என்று நாம் தட்டினால்தான் போகும். பெயர்களுக்கு நான் இரண்டாவதையே பயன்படுத்துகிறேன். எழுதியதைக் கண்ணால் பார்த்து, தவறான ஒரு சொல்லை மட்டும் விரலால் திருத்தலாம். முதலாவதைப் பயன்படுத்தினாலும் முடிவுகளைப் பார்ப்பதற்கு முன் மேலே பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலோர் நேராக முடிவுகளுக்குத் தாவிவிடுகிறோம். முடிவு தப்பாக வந்தால் தளம் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறோம். கைப்பேசி வேறு சொல்லைக் கேட்டிருக்கிறது என்று தோன்றுவதில்லை.

மெத்தைக் கடை வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத இடமும் இருக்கிறது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வரும் பெற்றோரில் பலர் எழுதத் தயங்குபவர்கள், பேசித்தான் தேடுவார்கள். அரைகுறையாகக் கேட்ட பெயருக்கு வரும் முடிவுகளில் மேலே `Sponsored` என்று குறித்திருப்பவை பணம் கட்டிப் போட்ட விளம்பரங்கள். உதவித்தொகை என்ற பெயரில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கேட்கும் தனியார் பக்கம் ஒன்று அங்கே இருக்கக்கூடும். அந்தத் தாய்க்கு அது அரசுப் பக்கம் போலவே தெரியும். நம் EMIS கடவுச்சொல்லுக்கும் இதே ஆபத்து உண்டு.

அதற்கு ஒரே சோதனைதான், முகவரி. மேலே உள்ள முகவரிப் பட்டையைத் தொட்டால் முழு முகவரியும் தெரியும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் எப்படி முடிகிறது என்று பாருங்கள். தொடக்கத்தைப் பார்க்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் முன்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

```
phet.colorado.edu
diksha.gov.in
emis.tnschools.gov.in
scholarships.gov.in
```

கடைசி மூன்றும் `.gov.in` என்று முடிகின்றன. அது அரசு அமைப்புகளுக்கு மட்டும் தரப்படுவது. gov என்ற எழுத்துகள் நடுவில் எங்கோ வந்து முடிவு வேறாக இருந்தால் அங்கே எதையும் நிரப்பக் கூடாது. நான்காவது முகவரி தேசிய உதவித்தொகைத் தளம். அதைப் பெற்றோர் கூட்டத்தில் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டு, அவர்கள் கைப்பேசியிலேயே ஒருமுறை திறந்து, புக்மார்க்கில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அவர்கள் பெயரைச் சொல்லித் தேட வேண்டியதில்லை. பாடநூலில் QR குறியீடு இருக்கும் இடத்தில் மாணவர்களைப் பேசவே விடாதீர்கள், கேமராவைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு உச்சரிப்பு தேவையில்லை.

நேரம் இருந்தால் வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். ஒரே கைப்பேசியில் பத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ‘ஃபெட்’ என்று சொல்லட்டும். கைப்பேசி எழுதியதை ஒருவர் பலகையில் எழுதிக்கொண்டே வரட்டும். பிறகு அதே பத்துப் பேரும் ‘ஃபெட் சிமுலேஷன் கொலராடோ’ என்று சொல்லட்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆங்கில ஆசிரியருக்கும் தமிழ் ஆசிரியருக்கும் அடுத்த ஒரு பாடவேளைக்கு வேலை இருக்கிறது. இப்போது கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள், நாமே முதலில் செய்து பார்த்துவிடுவோம்.